மைக் எந்த மொழியில் கேட்கிறது?

அப்பா மாமல்லபுரத்தில் கல்சிற்பி. ஆர்டர், பில் கணக்கெல்லாம் செங்கல்பட்டில் இருக்கும் மகள் பொறுப்பு. கையெல்லாம் கல்தூசியாக இருப்பதால், அவர் டைப் செய்யாமல் போனின் மைக்கில் பேசித்தான் செய்தி அனுப்புவார். ஒருநாள் அவளுக்கு வந்தது இது:

"Call moon Audi delivery Friday advance won that you"

மகள் உடனே போன் செய்தாள். "கல்லு மூணு அடி, டெலிவரி ஃப்ரைடே, அட்வான்ஸ் வந்தாச்சுன்னு தெளிவாத்தானேம்மா சொன்னேன்?" என்றார்.

"நீங்க சொன்னது சரிப்பா. இங்கிலீஷ்ல கேக்கச் சொல்லிட்டீங்க."

"பாதி வார்த்தை இங்கிலீஷ்தானே?"

பலரும் இடறும் இடம் இதுதான். இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்தால், காதில் விழும் ஒவ்வொரு ஒலிக்கும் அந்தக் கருவி ஓர் ஆங்கில வார்த்தையைத்தான் தேடும். அதனால் 'கல்லு' call ஆனது, 'மூணு' moon ஆனது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் நிலைமை வேறு. டெலிவரி, அட்வான்ஸ் போன்றவை தமிழர்கள் தினமும் பேசுகிற வார்த்தைகள் என்பதால், பெரும்பாலும் அவற்றையும் சரியாகப் பிடித்துவிடும்.

ஆகவே எத்தனை ஆங்கில வார்த்தை என்று எண்ண வேண்டாம். வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'வந்தாச்சு', 'பண்ணிடலாம்', 'கடைக்கு' என்று முடிவும் உருபும் தமிழாக இருந்தால், மொழி தமிழ்தான்.

ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்ட் இருந்தால், அமைப்புகளில் Languages பகுதிக்குப் போய் தமிழைச் சேர்க்க வேண்டும். அதன்பின் ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்தால் மொழிப் பட்டியல் வரும். மைக்கைத் தொடுமுன் பட்டையில் எந்த மொழியின் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேச ஆரம்பித்ததும் சம்பந்தமில்லாத ஆங்கில வார்த்தைகள் வரிசையாக வந்தால், உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு கத்த வேண்டாம். நிறுத்திவிட்டு மொழியை மாற்றுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரின் முகவரி, இமெயில் போல முழுக்க ஆங்கிலமாக இருப்பதற்கு மட்டும் இங்கிலீஷுக்குப் போகலாம். முடிந்ததும் மறக்காமல் தமிழுக்குத் திரும்ப வேண்டும். அப்பா அன்று மறந்தது அதைத்தான்.

மொழியை மாற்றிக்கொண்டு அடுத்த ஆர்டரைச் சொன்னார். டெலிவரி, அட்வான்ஸ் எல்லாம் சரியாக வந்தன. ஆனால் "பிள்ளையார் மூணே கால் அடி" என்றது "பிள்ளையார் மூன்று கால் அடி" என்று வந்தது. மகள் சிரித்தாள், அப்பா சிரிக்கவில்லை. மூன்றடி என்று நினைத்துச் செதுக்கிவிட்டால், கருங்கல்லில் குறைந்த மூன்று அங்குலத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அன்றிலிருந்து அளவும் தொகையும் மட்டும் அவர் கையால் அடிப்பவை. விரலைத் துடைத்துக்கொண்டு அனுப்பினார்: "பிள்ளையார் உயரம் 3 அடி 3 அங்குலம்."