வெள்ளைக் கீற்று

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மாடி அறை. மூன்று கணினிகள், ஓடாத ஒரு ஏசி. புலப்படங்களைக் கணினியில் வரைந்து, ஊர் முழுவதையும் ஒரே படமாக ஒட்டுகிற வேலை இங்கே நடக்கிறது. ஒரே பட்டா எண்ணில் இருக்கும் உட்பிரிவுகளைக் கரைத்து ஒற்றை மனையாக்குவதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர் QGIS-இல் Dissolve கருவியைத் திறந்து, `patta_no` என்ற புலத்தைக் கொடுத்தார். அரை நிமிடத்தில் உட்பிரிவுக் கோடுகள் மறைந்தன. எனக்கு வேலை முடிந்ததாகத் தோன்றியது. அவருக்கு இனிமேல்தான் ஆரம்பம். தேடும் பெட்டியில் ஒரு வரி அடித்தார்:

```
num_geometries($geometry) > 1
```

ஒன்றாகியிருக்க வேண்டிய மனைகளில் எவை இன்னும் துண்டாகவே நிற்கின்றன என்று இது காட்டிவிடும். பட்டா 412 மஞ்சளாக மின்னியது. கண்ணுக்கு ஒரே மனைதான். கிட்டே இழுத்துப் பார்த்தால் 117-க்கும் 118-க்கும் நடுவே 96 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. அகலம் 18 சென்டிமீட்டர்.

"இது யார் தப்பும் இல்லீங்க சார். ஒவ்வொரு சர்வே எண்ணையும் தனித்தனியா அளந்து தனித்தனித் தாள்ல போட்டாங்க. சேர்த்து வச்சா இடிக்கும், இல்லன்னா விலகும்."

1:2000 அளவில் பேனாக் கோடு 0.1 மில்லிமீட்டர் தடித்தாலே நிலத்தில் 20 சென்டிமீட்டர். கீற்று அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கரைத்த படத்தில் அவர் கைவைக்கவில்லை. பழைய உட்பிரிவுப் படத்துக்கே திரும்பினார். கரைத்தபின் எந்த ஓரம் யாருடையது என்று தெரியாதாம். புலப்படத்தில் எழுதிய பக்க அளவோடு பொருந்தியது 117-இன் ஓரம். அதை அசைக்காமல், 118-ஐ அரை மீட்டர் வரம்பு வைத்து அதன்மேல் ஒட்டவைத்தார். மறுபடி கரைத்தார். முன்பு 8,132 சதுர மீட்டர் காட்டியது 8,149 ஆனது. பட்டாவில் 0.81.5 ஹெக்டேர், அதாவது 8,150. தலையாட்டிக்கொண்டார்.

அடுத்தது பட்டா 388. அதுவும் இரண்டு துண்டு, இடைவெளி 1.4 மீட்டர். நானாக இருந்தால் இதையும் ஒட்டியிருப்பேன். பக்கத்து மேசையில் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் எட்டிப் பார்த்தார்: "அம்மா, அது வாய்க்கால். 119, புறம்போக்கு. அந்தத் தாளை நாம இன்னும் வரையவே இல்ல."

முன்பு ஒருவர் எல்லா மனைகளையும் ஒரு மீட்டர் வீங்கவைத்து, கரைத்து, மறுபடி ஒரு மீட்டர் சுருக்கியிருக்கிறார். கீற்றுகளெல்லாம் ஒரே வீச்சில் போய்விட்டன, கூடவே இந்த வாய்க்காலும். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் வீங்கினால் 1.4 மீட்டர் எங்கே மிஞ்சும்? 210 மீட்டர் நீளத்துக்கு ஏழு சென்ட் புறம்போக்கு பட்டாவுக்குள் போய்விட்டது. பரப்பு கூடியதைப் பார்த்துச் சர்வேயர்தான் பிடித்தார். படம் அழகாகத்தான் இருந்ததாம்.

அந்தப் பெண் 388-ஐ அப்படியே விட்டுவிட்டு, கட்டிலிருந்து 119-ஆம் தாளை உருவி, வாய்க்காலின் முதல் மூலையைச் சொடுக்கினார்.