டயப்பர் போடுற இடத்துல வர்ற செவப்பு: மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க

கைக்குழந்தைக்குத் தனக்கு அரிக்குதுன்னு சொல்லத் தெரியாது. டயப்பரைக் கழட்டினதும் கை நேரா அங்க போகும். ஒண்ணுக்குப் போகும்போது வீறிட்டு அழும். தண்ணி ஊத்திக் கழுவினா காலை உதறும். இதைப் பார்த்தாலே, அந்த இடத்துத் தோல் எரியுது, அரிக்குதுன்னு நாம புரிஞ்சுக்கலாம்.

டயப்பர் பகுதியில வர்ற எல்லாச் செவப்பும் ஒண்ணு இல்லை. அதுல ரெண்டு வகையை நீங்க வீட்டிலேயே ஓரளவு பிரிச்சுப் பார்க்க முடியும். அந்த வித்தியாசம் தெரியாமத்தான் பலரும் வாரக்கணக்கா மாத்தி மாத்திக் க்ரீம் தடவிக்கிட்டு இருக்காங்க.

முதல் வகை ஈரத்தால வர்றது. ஈரத்துலயே ஊறிக் கிடக்கிற தோல் இளகிப் போகும், லேசா உரசினாலே தேயும். சிறுநீரும் மலமும் ஒண்ணா கலந்து கிடக்கும்போது அங்க காரத்தன்மை கூடுது. அந்தக் காரத்துல, மலத்துல இருக்கிற செரிமான நொதிகள் சுறுசுறுப்பாகித் தோலையே அரிக்க ஆரம்பிக்கும். பேதியாகிற குழந்தைக்கு ஒரே நாள்ல பின்புறம் செவந்து போறது இதனாலதான். இந்த வகை, டயப்பர் நேரா உரசுற மேடான இடங்கள்ல இருக்கும்: பிட்டம், தொடையோட உள்பக்கம், அடிவயிறு, பிறப்புறுப்போட மேல்பகுதி. தொடை இடுக்கு மடிப்பைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே பெரும்பாலும் தோல் நல்லா இருக்கும்.

ரெண்டாவது வகை பூஞ்சை. கேண்டிடான்னு பேரு. நம்ம குடல்ல சாதாரணமாவே குடியிருக்கிற ஆசாமிதான். ஈரமும் சூடும் தோல்ல சின்னக் காயமும் கிடைச்சா தோல்ல வளர ஆரம்பிச்சுரும். இதுக்குப் பிடிச்ச இடமே மடிப்புதான். இடுக்குக்குள்ள அடர்த்தியான சிவப்பு, ஓரத்துல மெல்லிசா செதில், அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிச் சின்னச் சின்னச் செவப்புப் புள்ளிகள். பெரிய ஊரைச் சுத்திக் குட்டிக் குட்டிக் கிராமம் மாதிரி இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்தா முதல்ல பூஞ்சையைத்தான் சந்தேகப்படணும். மாநிறக் குழந்தைகளுக்குப் பளிச்சுனு சிவப்பாத் தெரியாது, ஊதா கலந்த பழுப்பாத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க.

போன மாசம் எட்டு மாசப் பெண் குழந்தையை அவங்க அம்மாவும் பாட்டியும் கூட்டிட்டு வந்தாங்க. "பத்து நாளா ஆறவே மாட்டேங்குது டாக்டர். தடவாத மருந்து இல்ல" அப்படின்னாங்க பாட்டி.

கதையைக் கேட்டேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சிரப் குடுத்திருக்காங்க. அதுல வயிறு கலங்கி நாலு நாள் பேதி. பின்புறம் செவந்துச்சு. ஈரம் உறியட்டும்னு பவுடர் போட்டாங்க. கிருமி இருக்குமோன்னு கிருமிநாசினி கலந்த தண்ணியில கழுவினாங்க. மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் வாங்கித் தடவினாங்க. ரெண்டே நாள்ல செவப்பு வடிஞ்சது. நிறுத்தினதும் முன்னைவிட அதிகமா வந்துச்சு. மறுபடி தடவினாங்க.

டியூபை வாங்கிப் பார்த்தேன். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே வீரியமான ஸ்டீராய்டு, மூணும் ஒரே டியூப்ல. ஸ்டீராய்டு செவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கிரும். அதனால மருந்து கேக்குதுன்னு தோணும். ஆனா அந்த இடத்தோட எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அமுங்குறதால பூஞ்சை உள்ளுக்குள்ள நிம்மதியா இருக்கும். இன்னொண்ணு, குழந்தையோட தோல் மெல்லிசு. அதுமேல டயப்பரைக் கட்டினா மருந்தை மூடிக் கட்டுப் போட்டது மாதிரி, உடம்புக்குள்ள போற அளவு கூடும். வாரக்கணக்குல தடவினா தோல் மெலியும், உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டுகூடக் குறையலாம். மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்கவே கூடாத ஒரு க்ரீம் உண்டுன்னா, அது இதுதான். லேசான ஹைட்ரோகார்டிசோனை ரெண்டு மூணு நாளைக்கு நாங்களே எழுதுறது உண்டு. அது வேற கதை.

மடிப்பைப் பிரிச்சேன். உள்ளே நல்ல சிவப்பு, தொடையில சிதறின புள்ளிகள். வாயைத் திறந்து பார்த்தேன், கன்னத்துக்குள்ள துடைச்சாப் போகாத வெள்ளைப் படலம். அதுவும் அதே பூஞ்சைதான். ஆன்டிபயாடிக் குடுத்ததுல குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா குறைஞ்சு, இதுக்கு இடம் கிடைச்சிருக்கு. வாய்க்குத் தனியா சொட்டு மருந்து எழுதினேன். அம்மாவோட மார்க்காம்புல வலியோ அரிப்போ இருக்கான்னும் கேட்டேன், இருந்தா அவங்களுக்கும் சேர்த்துப் பார்க்கணும்.

தோலுக்கு எழுதினது க்ளோட்ரிமசோல் 1% க்ரீம் மட்டும், தினம் ரெண்டு வேளை, மெல்லிசா. செவப்பு போன பிறகும் சில நாள் தொடரச் சொன்னேன். பாதியில நிறுத்தினா திரும்பி வரும்.

க்ரீமைவிட வேலை அதிகம் கழுவுறதுலயும் காய வைக்கிறதுலயும்தான். மலம் போனா உடனே, இல்லாட்டி ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை டயப்பரை மாத்துங்க. வெதுவெதுப்பான வெறும் தண்ணி போதும். தேய்க்காதீங்க, மெத்துனு துணியால ஒத்தி எடுங்க. மடிப்புக்குள்ளயும் ஒத்தணும். வாசனை போட்ட வெட் வைப்ஸ், கிருமிநாசினி, பவுடர் மூணும் வேண்டாம். பவுடர் மடிப்புல கட்டியாகி உரசும், குழந்தை மூச்சுல உள்ளே போனா நுரையீரலுக்கும் ஆபத்து.

அப்புறம் காத்தாட விடுங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பத்துப் பதினைஞ்சு நிமிஷம். பகல்ல தூங்கும்போது இன்னும் கொஞ்ச நேரம். ரப்பர் ஷீட் மேல பழைய வேட்டித் துணியை நாலா மடிச்சுப் போட்டு, டயப்பர் இல்லாம படுக்க வைங்க. வெயில்ல காட்ட வேண்டாம், நிழலான காத்தே போதும். "மெத்தையெல்லாம் நனைஞ்சுருமே"ன்னு அந்த அம்மா தயங்கினாங்க. பாட்டிதான் "நாங்க எல்லாம் வளர்க்கலையா, துணி நான் துவைக்கிறேன்"னுட்டாங்க. துணியில சோப்பு தங்காம நல்லா அலசணும்னு மட்டும் சொன்னேன்.

காஞ்ச பிறகு பூஞ்சை மருந்து, கொஞ்ச நேரம் விட்டு அதுக்கு மேல ஜிங்க் ஆக்சைடு க்ரீம். வரிசை மாறினா மருந்து தோலைத் தொடாது. பூஞ்சை மருந்து மெல்லிசா, ஜிங்க் ஆக்சைடு தாராளமா. அடியில தோல் தெரியாத அளவுக்குக் கேக் மேல க்ரீம் பூசுற மாதிரி போடணும். அதோட வேலை நோயைக் குணமாக்குறது இல்லை. மலமும் சிறுநீரும் தோலைத் தொடாம நடுவுல சுவரா நிக்கிறது. அதனால ஒவ்வொரு தடவையும் முழுசாச் சுரண்டி எடுக்காதீங்க, அதுலயே தோல் உரிஞ்சுரும். அழுக்கான மேல் அடுக்கை மட்டும் துடைச்சு எடுத்து, மேலயே பூசுங்க. நாளுக்கு ஒரு தடவை, பஞ்சுல தேங்காய் எண்ணெய் தொட்டு மொத்தத்தையும் மெதுவாக் கழட்டிடலாம்.

மூணாம் நாள் போன்ல "இப்ப ஒண்ணுக்குப் போனா அழறதில்லை" அப்படின்னாங்க. ஒரு வாரத்துல புள்ளிகள் போச்சு, நிறம் மட்டும் கொஞ்ச நாள் கருப்பாவே இருந்துச்சு. அது தழும்பு இல்லை, தானா மங்கும்.

வெறும் ஈரத்தால வந்த செவப்பா இருந்தா, காத்தாட விட்டு ஜிங்க் க்ரீம் போட்டாலே ரெண்டு மூணு நாள்ல நல்லா குறையும். மூணு நாள் ஒழுங்காச் செஞ்சும் குறையலைன்னா, மடிப்புக்குள்ள பரவுதுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. காய்ச்சல், சீழ், கொப்புளம், தேன் நிறத்துல பொருக்கு இருந்தா மூணு நாள்கூடக் காத்திருக்காதீங்க, அது பாக்டீரியாவா இருக்கலாம். பேதியோட, வாயைச் சுத்தியும் கை காலிலயும் இதே மாதிரி செவந்து உரிஞ்சா உடம்புல துத்தநாகச் சத்துக் குறைவான்னு பார்க்கணும். அதுக்கு எந்தக் க்ரீமும் கேக்காது. வரும்போது வீட்டில தடவின எல்லா டியூபையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க.