புதிய ட்ரைவர் வந்த இரவு

கேம் ஒன்று ஓடாமல் போனால் எங்கட ஊரில் முதலில் கிடைக்கிற அறிவுரை "ஃபோர்மட் அடி, சரிவரும்" என்பதுதான். என் அறைத்தோழனுக்கும் அதைத்தான் ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். அவன் கடைசி வருசம். ஆய்வுக் கட்டுரையின் நாலு அத்தியாயமும் எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளும் அந்த ஒரே லப்டொப்பில்தான் இருந்தன. கேம் போனால் போகட்டும், அதுகளை வைத்துக்கொண்டு ஃபோர்மட்டுக்குக் குடுக்க ஏலாது. அதனால் இரண்டு பேருமாக இருந்து, உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்தோம்.

அறிகுறி இதுதான். கேமை அழுத்தினால் ஒரு கறுப்புச் சட்டம் ஒரு செக்கன் வரும். பிறகு ஒன்றும் சொல்லாமல் டெஸ்க்டொப்புக்கே திரும்பிவிடும். முதல்நாள் வரை ஒழுங்காக ஓடிய கேம்.

நான் கலைப்பீடம். அதனால் இந்த விசயம் எனக்கு மொழிபெயர்ப்பாக நினைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கியது. கேமை எழுதுகிறவர்களுக்கு உங்கட லப்டொப்பில் எந்த கிராபிக்ஸ் சிப் இருக்கு என்று தெரியாது. அவர்கள் டைரக்ட்எக்ஸ் மாதிரி ஒரு பொதுமொழியில் எழுதுகிறார்கள். சிப்புக்கோ தன் சொந்த மொழி மட்டும்தான் விளங்கும். இடையில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர்தான் ட்ரைவர். ஒளி, நிழல், தண்ணீர் எல்லாவற்றையும் வரைகிற சின்னச் சின்ன நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். அவற்றை உங்கட சிப்பின் மொழிக்கு மாற்றுவதும் ட்ரைவரின் வேலை. மாற்றியதைத் தினமும் திரும்பச் செய்யாமல் டிஸ்கில் சேமித்தும் வைக்கும். அதுதான் ஷேடர் கேஷ்.

அப்டேட் வந்தால் மொழிபெயர்ப்பாளர் மாறுகிறார். பழைய கேஷ் புது ட்ரைவருக்குப் பொருந்தாது. வழமையாக அது தானாகக் கழிக்கப்படும், சிலவேளை ஒழுங்காகக் கழிபடாது. அல்லது புது ட்ரைவரிலேயே ஒரு பிழை இருந்து, குறிப்பிட்ட ஒரு ஷேடரை மாற்றும்போது தடுக்கி விழும். கேம்கள் விளையாட்டின் நடுவில் இல்லாமல் தொடக்கத்திலேயே விழுவதற்குக் காரணமும் இதுதான். சிப்பிடம் "உனக்கு என்னென்ன ஏலும்?" என்று கேட்பதும் ஷேடர்களைத் தயார்செய்வதும் பெரும்பாலும் தொடக்கத்தில்தான்.

ஆனால் ட்ரைவர்தான் குற்றவாளி என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும். அதே நாளில் கேமும் அப்டேட் ஆகியிருக்கலாம். விண்டோஸ் கீயையும் R ஐயும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் இதை அடியுங்கள்:

```
perfmon /rel
```

Reliability Monitor திறக்கும். நாள்வாரியாக என்ன நிறுவப்பட்டது, எது விழுந்தது என்று ஒரே வரைபடத்தில் காட்டும். தோழனின் லப்டொப்பில் புதன்கிழமை விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு கிராபிக்ஸ் ட்ரைவர் இறங்கியிருந்தது. அன்றிரவே மூன்று சிவப்புப் புள்ளடிகள், மூன்றும் அந்தக் கேமுக்கு. ஒன்றைத் திறந்து பார்த்தால் Fault Module Name என்ற வரியில் கேமின் பெயர் இல்லை. கிராபிக்ஸ் ட்ரைவரின் கோப்பு ஒன்றின் பெயர் இருந்தது. அவன் டைரக்ட்எக்ஸ் 11 இல் ஓடுகிற பழைய கேம் ஒன்றைத் திறந்தான், அது ஓடியது. விழுந்தது 12 இல் ஓடுகிறது. சிப் பழுதில்லை, அந்த ஒரு பாதையில்தான் சிக்கல் என்று ஊகிக்க இது போதும். அந்த வரியில் கேமின் பெயரே இருந்திருந்தால் ட்ரைவரைத் தொட முதல் கேம் கோப்புகளைச் சரிபார்த்திருப்போம்.

அடுத்தது, ஆபத்தே இல்லாத ஒரு வேலை. `cleanmgr` என்று அடித்து, C ட்ரைவைத் தெரிவுசெய்து, DirectX Shader Cache ஐ மட்டும் டிக் பண்ணி அழிக்கலாம். சேமித்த கேமுக்கு ஒன்றும் ஆகாது. கேஷ் திரும்ப உருவாகும் வரை முதல் தடவை கொஞ்சம் மெதுவாக, திக்கித் திக்கி ஓடும், அவ்வளவுதான். சிலருக்கு இதோடேயே சரிவந்துவிடும். எங்களுக்கு வரவில்லை. அப்ப பழைய ட்ரைவருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"உடனே அமத்துவம் மச்சான்" என்றான். "பொறு, முதல்ல கீயை எடு" என்றேன்.

பலரும் கவனிக்காத இடம் இது. இப்ப வருகிற நிறைய லப்டொப்களில் டிஸ்க், உரிமையாளருக்கே தெரியாமல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். ட்ரைவரை மாற்றும்போது திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் சேஃப் மோடுக்குப் போகவேண்டி வரும். அந்த வழியில் ஒரு நீலத்திரை 48 இலக்க மீட்புக் கீ ஒன்றைக் கேட்கலாம். கீ இல்லையென்றால் ஆய்வுக் கட்டுரை உள்ளேயே பூட்டுப்பட்டுவிடும். நிர்வாகி உரிமையோடு திறந்த டேர்மினலில் நிலையைப் பார்க்கலாம்:

```
manage-bde -status C:
```

Protection On என்று வந்தால் லப்டொப்பில் பாவிக்கிற மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் ஃபோனில் நுழைந்து, aka.ms/myrecoverykey இல் இருக்கிற கீயைக் கொப்பியில் எழுதி வையுங்கள். தோழனுக்கு On தான். கீயை எழுதினோம், அத்தியாயங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரு பென்ட்ரைவில் போட்டோம். பிறகுதான் ட்ரைவர்.

`devmgmt.msc` என்று அடித்தால் Device Manager வரும். Display adapters இன் கீழ் லப்டொப்களில் அனேகமாக இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று ப்ரொசசரோடு சேர்ந்தது, மற்றது தனிச் சிப். எதன் ட்ரைவர் மாறியதோ அதன் Properties ஐத் திறந்து, Driver பக்கத்தில் உள்ள வேர்ஷன் இலக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு Roll Back Driver. காரணம் கேட்கும், எதையாவது தெரியலாம். திரை சில செக்கன் கறுத்துத் திரும்பும். ரீஸ்டார்ட் பண்ணுங்கள். திரும்ப வந்ததும் அதே பக்கத்தில் இலக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மாறியிருந்தது, கேமும் திறந்தது.

அந்தப் பட்டன் மங்கி இருந்தால், திரும்பிப் போகப் பழைய ட்ரைவர் லப்டொப்பில் இல்லை என்று அர்த்தம். பழையதைத் துடைத்துவிட்டு நிறுவும் "கிளீன் இன்ஸ்டோல்" செய்தவர்களுக்கு இப்படி நடக்கும். அப்ப உங்கட லப்டொப் மொடலுக்குரிய பழைய ட்ரைவரை, லப்டொப் நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே முதலில் இறக்குங்கள். நூற்றுக்கணக்கான எம்பி போகும், இரவு டேட்டாவில் இறக்கலாம். இறக்கி முடிந்த பிறகுதான் இன்டர்நெட்டைத் துண்டித்து, இருப்பதை Uninstall பண்ணவேண்டும். துண்டிக்காவிட்டால் விண்டோஸ் இடையில் புகுந்து, பிழையான அதே ட்ரைவரைத் திரும்பக் கொண்டுவரும். DDU என்ற துடைக்கிற மென்பொருளைப் பலர் எடுத்தவுடனேயே சொல்வார்கள். அது சேஃப் மோடில் பாவிக்கிற சாமான். இவ்வளவும் செய்தும் சரிவராதபோது மட்டும், கீ கையில் இருந்தால் மட்டும்.

பிறகு விண்டோஸ் அப்டேட்டில் Pause updates ஐ சில வாரங்களுக்குப் போடுங்கள். நிரந்தரமாக இல்லை. ட்ரைவர் அப்டேட்டுகளில் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. சில புதுக் கேம்கள் பழைய ட்ரைவரோடு தொடங்கவே மறுக்கும். அடுத்த வேர்ஷன் வந்ததும் அதன் வெளியீட்டுக் குறிப்பில் "சரிசெய்யப்பட்டவை" என்ற பகுதியில் உங்கட கேமின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். இல்லாவிட்டாலும் ஏற்றிப் பார்க்கலாம். திரும்பி வருகிற வழி இப்ப தெரியும்தானே.