இருபது நாள் கெடு: காணாமல் போன எங்க காமர்ஸ் சேனல்

மக்களே, காமர்ஸ் அசோசியேஷன் யூட்யூப் சேனல் திடீர்னு காணோம்னு போன மாசம் நம்ம கிளாஸ் குரூப்ல ஒரே கலவரம். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு வீடியோவெல்லாம் சேர்த்து 47 பதிவு. திரும்ப வந்த கதையை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல, சேனல் ஏன் போச்சுன்னு தெரியணும். யூட்யூப் விதிமீறல்னு நீக்கியிருந்தா அப்பீல்தான் வழி. உரிமையாளரே யூட்யூப்ல போய் ஒரு வீடியோவை டெலீட் பண்ணியிருந்தா, அது போனது போனதுதான். எங்க கதை வேற. சேனலை ஆரம்பிச்ச சீனியர் அண்ணா, தன் காலேஜ் மெயில் ஐடியில ஆரம்பிச்சிருந்தார். அவர் படிப்பை முடிச்சதும், ஜூன் 3 அன்னிக்கு, அவர் பேட்ச் ஐடி எல்லாத்தையும் காலேஜ்ல அழிச்சுட்டாங்க. கணக்கு போனதும் அதோட ஒட்டியிருந்த சேனலும் போச்சு.

காலேஜ் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல ஓடுது. அதுல அழிச்ச கணக்கை 20 நாளுக்குள்ள மீட்கலாம். அதாவது ஜூன் 23 வரைக்கும். நாங்க கவனிச்சதோ ஜூன் 17. பாக்கி 6 நாள்!

அண்ணாவே முயற்சி பண்ணாலும் இதை மீட்க முடியாது, அட்மினாலதான் முடியும். சிஸ்டம் சாரைப் பார்த்தோம். "அதே பேர்ல புது ஐடி போட்டுத் தரேன்பா, முடிஞ்சுது"ன்னார். நல்லவேளை, வேணாம் சார்னு தடுத்தோம். புது ஐடி வெறும் காலி வீடு, பழைய வீடியோ எதுவும் அதுல வராது. அதோட, அந்த முகவரியை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டா, பழைய கணக்கை மீட்கும்போது முகவரி மோதி, முதல்ல புதுசோட பேரை மாத்த வேண்டியிருக்கும்.

சரியான வழி இதுதான். admin.google.com போய் Directory, அதுக்குள்ள Users. அங்க சமீபத்துல அழிச்சவங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அண்ணா பேர் அந்தப் பட்டியல்ல இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். Recover கொடுத்து, எந்தப் பிரிவுல சேர்க்கணும்னு தேர்ந்தெடுக்கணும். மாற்றம் முழுசா வர 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், அதனால உடனே தெரியலன்னு பதறாதீங்க. சார் 18ஆம் தேதி சாயந்திரம் பண்ணார். மறுநாள் மதியம் 47 வீடியோவும், பழைய லிங்க்கோட, அப்படியே இருந்துச்சு.

அன்னிக்கே takeout.google.com வழியா எல்லா வீடியோவையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்ல வச்சுட்டோம். அண்ணா ஐடியை நிரந்தரமா அழிக்கிறதுக்கு முன்னாடி, வேற ஐடியில ஒரு சேனல் தொடங்கி, அதுல ஏத்துற வேலை நடக்குது. பழைய லிங்க் மாறிடும், நோட்ஸ்ல குறிச்சு வச்சிருக்கறவங்க திருத்திக்கோங்க.

உங்க டிபார்ட்மெண்ட் சேனல் யார் ஐடியில இருக்கு? அவர் எப்போ பாஸ் அவுட்? அந்த ரெண்டையும் மட்டும் இன்னிக்கே கேட்டுடுங்க.