முறுக்குக் கடையும் இரண்டு கூப்பனும்

உங்களில் பலர் இப்போது கடை வைத்திருக்கிறீர்கள். அதனால் இந்தக் கணக்கு.

என் தங்கை மகள் முறுக்கு, தட்டை போட்டு விற்கிறாள். ஒரே மாதத்தில் இரண்டு விளம்பரம் செய்தாள். செய்தித்தாளுக்குள் வைத்து 2,000 நோட்டீஸ், அச்சுக்கூலியும் சேர்த்து 3,000 ரூபாய். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல், 4,000 ரூபாய். நோட்டீஸில் NOTICE10, ரீலில் REEL10 என்று கூப்பன். இரண்டுக்கும் ஒரே பத்து சதவீதத் தள்ளுபடிதான். ஒன்றில் கூடுதலாகக் கொடுத்தால், நோட்டீஸ் பார்த்தவரும் அந்தக் கூப்பனைத்தான் சொல்வார்.

மாதக் கடைசியில் ரீல் கூப்பனில் 38 பில், நோட்டீஸ் கூப்பனில் 14. "மாமா, இனிமே நோட்டீஸே வேண்டாம், ரீல் மட்டும் போதும்" என்றாள்.

"இந்த 38 பேர்ல புதுசா வந்தவங்க எத்தனை பேரும்மா?" என்று கேட்டேன்.

பில் புத்தகத்தில் எல்லோருடைய போன் நம்பரும் இருந்தது. பழைய மாதங்களோடு ஒத்துப் பார்த்தோம். ரீல் கூப்பனில் 28 பேர் ஏற்கெனவே வாங்குகிறவர்கள். முழு விலைக்கே வாங்கியிருப்பார்கள். புதியவர்கள் 10 பேர்தான். நோட்டீஸில் புதியவர்கள் 12.

கூப்பன் சொல்லாமலும் புதியவர்கள் வருவார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதற்காக, பில் போடும்போது புதியவர்களிடம் மட்டும் "நம்ம கடை முதல்ல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்கச் சொல்லியிருந்தாள். "நோட்டீஸ் பார்த்தா வந்தீங்க?" என்று கேட்கக் கூடாது, பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். அப்படிக் கேட்ட 28 பேரில் நோட்டீஸ் 11, ரீல் 3, தெரிந்தவர் சொன்னது 9, ஞாபகமில்லை 5. அந்த ஐந்தையும் அப்படியே எழுத வேண்டும். கட்டாயப்படுத்தினால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள்.

இப்போது கூட்டுங்கள். நோட்டீஸில் புதியவர்கள் 23, ஆளுக்குச் சுமார் 130 ரூபாய் செலவு. ரீலில் 13, ஆளுக்குச் சுமார் 308. ஒரு பில்லுக்கு அவளுக்கு நிற்கும் லாபம் 60 ரூபாய். நோட்டீஸ் ஆள் மூன்றாவது முறை வாங்கும்போது போட்ட பணம் திரும்பிவிடும். ரீல் ஆள் ஆறாவது முறை வர வேண்டும். நிறுத்த நினைத்ததுதான் அவளுக்குக் கட்டுபடியாகிற விளம்பரம்.

இதிலும் ஓட்டை உண்டு. யாராவது கூப்பனை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் கணக்கு கெட்டுவிடும். நோட்டீஸே போகாத ஊரிலிருந்து NOTICE10 வந்தால் அதுதான் அடையாளம். அந்த பில்களைத் தனியே ஒதுக்கிவிட்டு, அடுத்த மாதம் கூப்பனை மாற்ற வேண்டும்.

அடுத்த மாதமும் நோட்டீஸ் போடுகிறாள், இந்த முறை பக்கத்து ஊருக்கும், தனிக் கூப்பனோடு. கடை வைத்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.