கல்லுக்கும் தங்க விலையா?

செங்கல்பட்டில் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கல் வைத்த நெக்லஸ் எடுத்தோம். பில்லில் நான் முதலில் பார்த்தது நிகர எடையைத்தான். மொத்தம் 16 கிராம், அதில் கல் 2 கிராம். தங்கம் 14 கிராம்தான். சேதாரம் 10 சதவீதம் என்றால் அந்த 14-க்கு 1.4 கிராம்.

கணக்குக்கு எளிதாக கிராம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். 15.4 கிராமுக்கு 1,54,000. செய்கூலி 2,000, கல் விலை 4,000 சேர்த்தால் 1,60,000. ஜிஎஸ்டி 3 சதவீதம், 4,800. ஆக 1,64,800.

கல்லைக் கழிக்காமல் 16 கிராமுக்கும் போட்டால் 22,000 கூடும், அதற்கு வரி 660 வேறு. ஒரே கல்லுக்கு இரண்டு தடவை காசு! அதே நகையைத் திருப்பி விற்கப் போனால் மட்டும் கல் எடையைக் கழித்துவிடுவார்கள்.

ஹால்மார்க் நகையின் பில்லில் நிகர எடையும் தூய்மையும் எழுதியே ஆக வேண்டும். எழுதித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.