‘பிந்தி வந்தார்’

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிவுற்ற 42 நாள்களுள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் ஒரு பெண் இறப்பாளாயின் அது தாய் மரணம் எனப்படும். இலங்கையில் 1985ஆம் ஆண்டு முதல் இத்தகைய மரணம் ஒவ்வொன்றும் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. அறிவித்தபின் ஏடுகளைச் சேர்த்து மதிப்பாய்வுக்குரிய சுருக்கம் ஒன்றை எழுதுதல் வேண்டும். அச்சுருக்கத்தின் ஒரு சொல் எவ்வளவு தூரம் உண்மையை மறைக்க முடியும் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் தாமதத்தை மூன்றாக வகுத்தனர். உதவி நாடத் தீர்மானிப்பதில் முதலாவதும், வைத்தியசாலையை அடைவதில் இரண்டாவதும், அடைந்தபின் தக்க சிகிச்சை பெறுவதில் மூன்றாவதும் நிகழ்கின்றன. கேட்பதற்கு எளிதான இவ்வகுப்பு, ஏடுகளோடு அமரும்போது எளிதாக இருப்பதில்லை.

மாத்தளை மாவட்டத்தின் லக்கலப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கீழைச் சரிவிலே கிடக்கும் இப்பிரதேசத்திலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பாதைகளுள் ஒன்று, இலுக்கும்புரவைக் கடந்து ரிவர்ஸ்டன் உச்சியேறி ரத்தோட்டைக்கு இறங்குவது. மழையும் மூடுபனியும் மிக்க அவ்வழியில் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வதிற் பயனில்லை. மணிக் கணக்கிலேயே சொல்லவேண்டும். மேலும், களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய பள்ளேகம நகர் கைவிடப்பட்டு, 2018இல் புதிய நகர் திறக்கப்பட்டது. பழைய ஏட்டிலுள்ள முகவரியைக்கொண்டு பயண நேரத்தைக் கணிப்பவர் இதனால் தவறிழைக்கக் கூடும்.

விளக்கத்துக்காக, லக்கல மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த தாயின் கோவையொன்றைக் கற்பனை செய்வோம். நான்காவது குழந்தையை வைத்தியசாலையிற் பெற்று வீடு திரும்பியவளுக்கு ஆறாம் நாள் இரவு 7 மணிக்குக் குருதிப்போக்கு மிகுகின்றது. கருப்பையில் எஞ்சிய நச்சுக்கொடித் துண்டே காரணம். பெரிய வைத்தியசாலையின் குறிப்பு அதிகாலை 3.20க்குத் தொடங்குகின்றது. அதன் முதல் வரி: ‘பிந்தி வந்தார்’. இதனை அப்படியே சுருக்கத்திற் பெயர்த்தெழுதினால், எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காலம் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்துவிடும்.

தொகுப்பவர் செய்யவேண்டிய முதற்பணி, தாமதத்துக்குப் பெயரிடுவதன்று; நேரங்களை ஒரே நிரலில் அடுக்குவதே. வீட்டாரின் வாக்குமூலம், குடும்பநல மருத்துவமாதின் பதிவு, சிறிய வைத்தியசாலையின் அனுமதி ஏடு, நோயாளர் காவு வண்டியின் ஓட்டப் பதிவு, விடுதிக் குறிப்பு, குருதி வங்கியின் ஏடு ஆகியவற்றை ஒப்பிடும்போது பின்வரும் நிரல் கிடைக்கின்றது. புறப்படத் தீர்மானித்தது இரவு 10.30. வாகனம் கிடைத்துச் சிறிய வைத்தியசாலையை அடைந்தது 12.40. அங்கிருந்து புறப்பட்டது 1.30. பெரிய வைத்தியசாலைக்கு வந்தது 3.20. குருதி ஏற்றத் தொடங்கியது 4.40. காலை 6 மணிக்கு உயிர் பிரிந்தது.

குருதிப்போக்கு மிகுந்ததிலிருந்து குருதி ஏற்றும்வரை கழிந்தது 9 மணி 40 நிமிடம். அதில் தீர்மானத்துக்குச் சென்றது மூன்றரை மணி. முதல் வைத்தியசாலையை அடைய 2 மணி 10 நிமிடம். அங்கே 50 நிமிடம். இரு வைத்தியசாலைகளுக்கும் இடையே 1 மணி 50 நிமிடம். இறுதியிடத்தில் 1 மணி 20 நிமிடம். இடைப் பயணத்தை இரண்டாம் வகையிற் சேர்ப்பாரும் உளர், மூன்றாம் வகையிற் சேர்ப்பாரும் உளர். ஆதலால் அதனைத் தனி வரியாக எழுதுவதே தக்கது. அந்த 50 நிமிடமும் முழுவதும் தாமதமன்று. உப்புநீர் ஏற்றியதற்கும் கருப்பையைச் சுருக்கும் மருந்து கொடுத்ததற்கும் சென்ற நேரம் சிகிச்சை. வண்டிக்காகக் காத்திருந்த நேரமே தாமதம்.

முதல் மூன்றரை மணியையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். குழந்தை பெற்றவளுக்கு இரத்தம் போவது இயல்பே என்று மாமியார் எண்ணினார் என வாக்குமூலம் கூறலாம். ‘அறியாமை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு போனால் ஆபத்து என்பதை வீடு திரும்பும்போது யாரேனும் சொன்னார்களா? வெளியேறும்போது தந்த அட்டையில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லையாயின், வைத்தியசாலையின் குறையொன்று வீட்டாரின் தாமதமாக உருமாறி வந்திருக்கவும் கூடும். ஆயினும், எழுதப்படாமையால் சொல்லப்படவில்லை என்று துணிதலும் பிழை. ‘அறிவுறுத்தல் பற்றிப் பதிவு இல்லை’ என்பதே நேர்மையான வாக்கியம். எஞ்சியதை நேரிற் கேட்டறிதல் வேண்டும்.

மணிக்கூடுகளும் ஒன்றோடொன்று ஒவ்வா. நோயாளி வந்துசேரும் முன்பே அவளைப் பரிசோதித்ததாக ஓர் ஏடு காட்டுமாயின், ஒரு மணிக்கூடு பிழை, அல்லது குறிப்பு பின்னர் எழுதப்பட்டது. அத்தகைய முரணைத் திருத்தி மறைக்காது, இரு நேரங்களையும் அவற்றின் மூலங்களோடு தருவதே முறை. தாயின் பெயரும் ஊழியர் பெயர்களும் சுருக்கத்தில் இடம்பெறலாகா. தண்டனை வரும் என்று அஞ்சுபவர் நேரங்களை மறைப்பர். நேரங்கள் மறைந்தால் மதிப்பாய்வே பொய்த்துவிடும்.

நீண்ட தாமதம் இருந்தது என்பதால், அது இல்லையேல் அவள் பிழைத்திருப்பாள் என்று முடிவுகட்டவும் இயலாது. சுருக்கம் சொல்லக்கூடியது, எவ்விடத்தில் எவ்வளவு நேரம் எதற்காகக் கழிந்தது என்பதையே. ஆனால் அதைச் சரிவரச் சொல்லும்போது, ‘பிந்தி வந்தார்’ என்ற ஒரு வரி ஐந்து வரிகளாகப் பிரிகின்றது. வெளியேறும்போது தரும் அட்டையில் ஒரு வாசகம், இரவில் ஒரு வண்டி, நோயாளி வருமுன்னரே குருதி வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எனத் திருத்தத்தக்கவை ஒவ்வொரு வரியின் எதிரிலும் தெரிய வருகின்றன. முதல் வரியோடு நின்றிருந்தால், இறந்தவளின் குடும்பத்தைத் தவிர வேறெவரும் தெரிந்திருக்கமாட்டார்கள்.